கூடையைத் திருப்பித் தருகிறேன், அண்ணா

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

வணக்கம். நேரில் சொல்லியிருக்க வேண்டியதை எழுதிக் கொடுக்கிறேன். மதில் ஓரம் நின்று பேசினால் நீங்கள் சிரித்துக்கொண்டே "அதெல்லாம் ஒன்றும் இல்லை, தம்பி" என்பீர்கள். நானும் தலையாட்டிவிட்டு உள்ளே வந்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை நடந்தது அதுதானே?

அன்று நீங்கள் சொன்னவை இரண்டு. உங்கள் தோட்டத்திலிருந்து வாரம் ஒரு கூடை காய்கறி. அடுத்து, எங்கள் கொல்லையைக் கொத்திக் களையெடுத்துப் பாத்தி கட்டித் தருவது. விதையும் எருவும் உழைப்பும் உங்களுடையவை, விளைவதில் பாதி எங்களுக்கு. இரண்டும் வேண்டாம், அண்ணா. சுற்றி வளைத்துச் சொன்னால் கடைசிப் பத்தி வரை உங்களைத் தவிக்கவிட்டது போலாகும் என்பதால் இங்கேயே சொல்லிவிட்டேன்.

முந்தாநாள் வேறொரு கடிதம் எழுதினேன். கொல்லையில் அறை கட்டும் யோசனை இருக்கிறது, என் மனைவிக்கு மண் தூசி ஒத்துக்கொள்ளாது என்றெல்லாம் அதில் இருந்தது. அவள் வாங்கிப் படித்துவிட்டு, "எனக்கு எப்போதிலிருந்து ஒத்துக்கொள்ளவில்லை?" என்று கேட்டாள். கிழித்துப் போட்டேன். அதை அனுப்பியிருந்தாலும் பலன் இருந்திருக்காது. தூசி என்றால் தண்ணீர் தெளித்துக் கொத்துகிறேன் என்பீர்கள். அறை என்றால் கட்டத் தொடங்கும் வரை கீரை போடலாம் என்பீர்கள். நீங்கள் அப்படிப்பட்டவர்.

உண்மைக் காரணம் நீங்கள் சொன்ன ஒரு வார்த்தை. "நாங்கள் என்ன கொடுக்க வேண்டும்?" என்று கேட்டேன். "இப்போது ஒன்றும் வேண்டாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றீர்கள். பெருந்தன்மையாகத்தான் சொன்னீர்கள், தெரியும். ஆனால் அந்தப் 'பிறகு' என்னைத் தூங்கவிடவில்லை.

இதற்கு முன் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் ஒருவர் எங்கள் தண்ணீர் மோட்டாரை மூன்று முறை பழுது பார்த்துத் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். நல்ல மனிதர்தான், இப்போதும் அப்படித்தான் சொல்வேன். ஆறு மாதம் கழித்து, வேலை முடிந்து வரும் வரை மாலையில் தன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். ஒரு வாரம் என்றார், பள்ளி ஆண்டு முடியும் வரை நீண்டது. முடியாது என்று சொல்ல வாய் திறக்கும் போதெல்லாம் அந்த மோட்டார் கண்முன் வந்து நின்றது. கடைசியில் ஒருநாள் சொன்னேன். அன்றோடு பேச்சு நின்றது. வாசலில் எதிர்ப்பட்டால் இருவரும் செருப்பைப் பார்த்துக்கொண்டு நடப்போம். முதல் நாளே கூலியைக் கையில் திணித்திருந்தால் எங்களுக்குள் அந்த வருத்தம் வந்திருக்காது என்று இன்றும் நினைக்கிறேன்.

நீங்கள் அப்படிக் கேட்பீர்கள் என்று சொல்லவில்லை. கேட்காமலே இருக்கலாம். அப்போதும் எனக்குள் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். உங்களிடம் குறையில்லை, என் மனத்தின் வாகு அப்படி. வாங்கியதைத் திருப்பித் தரும் வரை இருப்புக்கொள்ளாது. இப்போதோ திருப்பித் தர என்னிடம் எதுவும் இல்லை. நேரம் இல்லை, தோட்ட வேலை தெரியாது, வாரத்தில் நான்கு நாள் இரவுப் பணி.

போன வாரக் கூடையையே பாருங்கள். நான்கு சுரைக்காய் இருந்தன. நாங்கள் இரண்டே பேர். இரண்டைச் சமைத்தோம். ஒன்றை அலுவலகத்துக்குத் தூக்கிச் சென்று ஒருவர் தலையில் கட்டினேன். நான்காவது முற்றிவிட்டது. அதைக் குப்பைக் குழியில் போடப் போனபோது உங்கள் மாடி ஜன்னல் திறந்திருந்தது. செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு, இருட்டிய பிறகு போய்ப் போட்டு, மேலே இரண்டு கை சருகு தள்ளி மூடினேன். நாற்பத்திரண்டு வயதில் ஒரு சுரைக்காயை ஒளித்து வைத்த ஆள் நான். வாரம் ஒரு கூடை வந்தால் என் கதி என்ன?

கொல்லை விஷயம் இன்னும் சிக்கல். கத்தரி நட்டால் காய்த்து ஓயப் பல மாதம் ஆகும். பந்தல் போட்டு அவரை ஏற்றிவிட்டால், பூத்திருக்கும் கொடியை "எடுத்துவிடுங்கள்" என்று எந்த வாயால் சொல்வேன்? நீங்கள் ஊரில் இல்லாத நாளில் தண்ணீர் விடுவது யார்? வெயில் காலத்தில் ஒருநாள் தவறினாலும் நாற்று வாடும். வாடினால் நீங்கள் ஒன்றும் சொல்ல மாட்டீர்கள், அதுதான் எனக்கு இன்னும் கஷ்டம். என் வீட்டுக் கொல்லைக்கு நானே அனுமதி கேட்டுப் போவது போன்ற கூச்சம் வந்துவிடும்.

ஒன்றை மட்டும் யோசித்துப் பார்த்தேன். அங்கே புதர் மண்டிக் கிடப்பதால் களை விதை உங்கள் பாத்திக்குப் பறந்து வருகிறதோ? அதைச் சொல்லச் சங்கடப்பட்டு, நானே கொத்தித் தருகிறேன் என்று கேட்டீர்களோ? அப்படியானால் தவறு என்னுடையது, வேலையும் என்னுடையது. பூத்து விதை விழுவதற்குள் வெட்டிவிட வேண்டும் என்பது மட்டும் எனக்கும் தெரியும். வருகிற சனிக்கிழமை காலை கூலிக்கு ஆள் வருகிறார். மதில் ஓரத்தை முதலில் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். இன்னும் எங்காவது உங்களுக்கு இடைஞ்சலாக இருந்தால் அவரிடமே கையைக் காட்டிச் சொல்லிவிடுங்கள்.

உறவை முறித்துக்கொள்ள எழுதுகிறேன் என்று அண்ணி நினைத்துவிடக் கூடாது. பாதி இரவில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் எங்கள் கதவைத் தட்டுங்கள். நானும் உங்கள் கதவைத் தட்டுவேன். ஆபத்துக்கு உதவுவதில் நான் கணக்குப் பார்க்க மாட்டேன், வாரா வாரம் வருவதில்தான் பார்ப்பேன். எப்போதாவது கை நிறையப் பச்சை மிளகாய் மிஞ்சினால் மதில் மேல் வையுங்கள், சந்தோஷமாக எடுத்துக்கொள்கிறேன். ஒரு கை அளவு, அவ்வளவுதான். கூடை வேண்டாம்.

இதைப் படித்ததும் உங்களுக்கு மனம் சுருக்கென்றால் அது நியாயம்தான். இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தாலும் தவறாக நினைக்க மாட்டேன். மூன்றாம் நாள் வழக்கம் போல மதில் ஓரம் வந்து நிற்பேன்.

கூடையைக் கழுவிக் காயவைத்து இதோடு கொடுத்தனுப்புகிறேன். கைப்பிடி ஒரு பக்கம் கழன்றிருந்தது, கம்பி வைத்துக் கட்டியிருக்கிறேன். முடிச்சுப் போட்ட பிறகுதான் நான் என்ன செய்தேன் என்பது உறைத்தது. தயவுசெய்து அதை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள், அண்ணா.

அன்புடன்,
பக்கத்து வீட்டுத் தம்பி