பணம் எடுத்தது ஆப்பா, ஆப் ஸ்டோரா, வேறு யாராவதா? முதன்முறை தேடுபவர்களுக்கு

என் அத்தை ஆங்கிலம் பேசக் கற்றுத்தரும் ஓர் ஆப்பை ஒரு வாரம் பார்த்துவிட்டு, பிடிக்காமல் போனில் இருந்து நீக்கிவிட்டார். அடுத்த மாதம் அவர் கணக்கில் 299 ரூபாய் குறைந்தது, அதற்கடுத்த மாதமும் குறைந்தது. ஆப் நிறுவனத்துக்கு எழுதினோம். "உங்கள் பெயரில் நாங்கள் பணம் வாங்கியதாகப் பதிவு இல்லை" என்று பதில் வந்தது. ஏமாற்றுகிறார்கள் என்று அத்தைக்குக் கோபம். ஆனால் அவர்கள் சொன்னது உண்மைதான். பணத்தை எடுத்தது கூகுள் பிளே. அதுவும் அத்தையின் ஜிமெயிலில் அல்ல, போனை வாங்கிய அன்று அமைத்துக்கொடுத்த அவர் மகனின் ஜிமெயிலில். ரசீதுகள் எல்லாம் அவன் மெயிலில் திறக்கப்படாமல் கிடந்தன.

இந்த அலைச்சல் யாருக்கும் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். சந்தாவை நிறுத்துவதும் பணத்தைத் திருப்பித் தருவதும் பெரும்பாலும் பணம் வாங்கியவர் கையில்தான் இருக்கிறது. மற்ற யாரிடம் கேட்டாலும் "எங்களிடம் இல்லை" என்றுதான் சொல்வார்கள். அதனால் புகார் எழுதும் முன் வாங்கியவர் யார் என்று கண்டுபிடியுங்கள்.

முதலில் வங்கி ஸ்டேட்மென்ட்டில் தேதி, தொகை, பெயர் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். Google Play என்றோ GOOGLE என்று தொடங்கியோ இருந்தால் பெரும்பாலும் பிளே ஸ்டோர். apple.com/bill என்றிருந்தால் ஆப்பிள். ஆப்பின் பெயரே இருந்தால், அந்த நிறுவனம் நேரடியாக வாங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

Razorpay, PayU, CCAvenue, BillDesk, Cashfree போன்ற பெயர்களைப் பார்த்துப் பலர் குழம்பிவிடுகிறார்கள். இவை பொருள் விற்பவை அல்ல. விற்றவருக்காகப் பணத்தை வாங்கிக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடைவழி நிறுவனங்கள். அந்தப் பெயர் இருந்தால், பணம் ஸ்டோர் வழியாகப் போகாமல் ஆப்பின் இணையதளம் வழியாகவோ அதன் சொந்தக் கட்டணப் பக்கம் வழியாகவோ போயிருக்கிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். பிளே ஸ்டோரில் இறக்கிய ஆப் என்பதாலேயே பணமும் பிளே வழியாகத்தான் போயிருக்க வேண்டும் என்பதில்லை. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு எதிராக உத்தரவு போட்ட பிறகு, இங்கே ஆப்புகள் தங்கள் சொந்தக் கட்டண வழியையும் வைத்துக்கொள்ள இடம் கிடைத்தது.

அடுத்தது ரசீது. என்னைக் கேட்டால் ஸ்டேட்மென்ட்டைவிட இதைத்தான் நம்புவேன். மெயிலில் தொகையை மட்டும் தேடுங்கள், 299 என்று. கூகுள் பிளே ரசீதில் ஆர்டர் எண் GPA என்று தொடங்கும். அது இருந்தால் வேறு சந்தேகமே வேண்டாம், வாங்கியது கூகுள். ஆப்பிளும் மெயிலில் ரசீது அனுப்பும். ஆனால் பல வாங்கல்களைச் சேர்த்து ஒரே தொகையாக எடுப்பது ஆப்பிளின் வழக்கம். அதனால் ஸ்டேட்மென்ட்டில் உள்ள தொகை எந்த ஆப்பின் விலையோடும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். இன்னொன்று, ஆப்பிள் கணக்கில் முன்பே போட்டுவைத்த இருப்பிலிருந்து பணம் போனால் வங்கியிலிருந்து எஸ்எம்எஸ் வராது. ரசீதில் மட்டும்தான் தெரியும்.

ரசீது கிடைக்கவில்லையா? நேராக ஸ்டோருக்குள் போய்ப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே வலப்பக்கம் உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, Payments & subscriptions, அதற்குள் Subscriptions. ஐபோனில் Settings, மேலே உங்கள் பெயர், Subscriptions. பட்டியலில் ஆப் இருந்தால் அங்கேயே ரத்துசெய்யலாம்.

பட்டியல் காலியாக இருந்தால் உடனே விட்டுவிடாதீர்கள். அத்தை விஷயத்தில் நாங்கள் தவறியது இங்கேதான். பிளே ஸ்டோரில் அதே படத்தைத் தொட்டால் போனில் உள்ள மற்ற ஜிமெயில் கணக்குகளும் தெரியும். ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். பழைய கணக்கு, அலுவலகக் கணக்கு, பிள்ளைகளின் கணக்கு எதையும் விடவேண்டாம். குடும்பப் பகிர்வில் இருப்பவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. பிள்ளை தன் போனில் வாங்கியது, குடும்பக் குழுவை அமைத்தவரின் பணத்திலிருந்து போயிருக்கலாம்.

ஸ்டோரில் இல்லை என்று உறுதியானால், UPI ஆப்பில் Autopay என்ற பகுதியைத் திறங்கள். யாருக்கு, எவ்வளவு, எப்போது எடுக்க அனுமதி கொடுத்தீர்கள் என்று அங்கே இருக்கும். கூகுள் பே, போன்பே, பேடிஎம் என்று இரண்டு மூன்று வைத்திருப்பவர்கள் எல்லாவற்றிலும் பார்த்துவிடுங்கள். கார்டு வழியாகப் போயிருந்தால் உங்கள் வங்கியின் இணையதளத்தில் e-mandate அல்லது standing instruction என்ற பகுதியைத் தேடுங்கள்.

"நான் பின் நம்பரே போடவில்லையே, எப்படிப் போகும்?" என்று அத்தை கேட்டார். ஒரு ரூபாய்க்கு ஏழு நாள் இலவசம் என்று காட்டியபோது போட்டது ஒரு ரூபாய்க்கு மட்டுமல்ல, மாதாமாதம் எடுப்பதற்கான அனுமதிக்கும் சேர்த்துத்தான். ரிசர்வ் வங்கி விதிப்படி 15,000 ரூபாய் வரையிலான தொடர் கட்டணத்துக்கு அதன்பிறகு ஒவ்வொரு முறையும் கேட்கவேண்டியதில்லை. ஆனால் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு தகவல் தரவேண்டும். பணம் போன நாளுக்கு முந்தைய இரண்டு நாள் செய்திகளைப் புரட்டுங்கள். விளம்பர எஸ்எம்எஸ்களுக்கு நடுவே, யார் எடுக்கப்போகிறார்கள் என்ற பெயரோடு அது இருக்கும்.

மூன்றாவது ஆள் பெரும்பாலும் போன் நிறுவனமோ இன்டர்நெட் கொடுப்பவரோதான். ரீசார்ஜ் பிளானோடு, பிராட்பேண்டோடு ஓடிடி சேர்ந்து வரும்போது பில் போடுவது அவர்கள். அப்போது ஓடிடி ஆப்புக்குள் ரத்து பட்டனே இருக்காது. ஆப்பில் உங்கள் Account பக்கத்தில், கட்டணம் எந்த நிறுவனம் வழியாகப் போகிறது என்று பொதுவாக எழுதியிருக்கும். பிரீபெய்டு பேலன்ஸிலிருந்து காலர் டியூன், ஜோசியம் போன்றவற்றுக்குக் காசு போனால் 155223-க்கு STOP என்று எஸ்எம்எஸ் அனுப்புங்கள்.

ஆளைக் கண்டுபிடித்த பிறகு முதலில் அவரிடமே சந்தாவை ரத்துசெய்யுங்கள். அப்புறம் Autopay அனுமதியையும் எடுத்துவிடுங்கள். அனுமதியை மட்டும் எடுத்தால் பணம் நிற்கும், சந்தா நிலுவையில் தொங்கும். ஆப்பை நீக்குவதால் இரண்டுமே நிற்காது. பணம் திரும்ப வேண்டுமென்றால் ஆப்பிளுக்கு reportaproblem.apple.com. கூகுள் பிளே என்றால் வாங்கிய 48 மணி நேரத்துக்குள் அவர்களிடமே கேளுங்கள். அதைத் தாண்டிவிட்டால் ஆப் நிறுவனத்துக்கு GPA எண்ணோடு எழுதுங்கள். அந்த எண் இருந்தால் அவர்களும் தேடிப் பார்க்க முடியும்.

தயவுசெய்து கஸ்டமர் கேர் நம்பரை இணையத்தில் தேடி அழைக்காதீர்கள். ரீஃபண்ட் தருகிறேன் என்று சொல்லிக் கணக்கையே காலிசெய்கிற ஆட்கள் அந்தத் தேடலுக்காகத்தான் போலி எண்களைப் போட்டுவைக்கிறார்கள். ஆப்புக்குள் இருக்கும் Help, இல்லையென்றால் ரசீதில் உள்ள முகவரி, அவ்வளவு போதும்.

இத்தனை இடத்தில் தேடியும் எதிலும் ஒட்டவில்லை என்றால் அது சந்தா அல்ல, திருட்டாக இருக்கலாம். அன்றைக்கே வங்கிக்குச் சொல்லி, சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்கும் அழையுங்கள். வெளியாள் செய்த மோசடியை, வங்கியிடமிருந்து தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு வாடிக்கையாளர் மேல் விழக்கூடாது என்று 2017-ல் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது.

அத்தைக்குக் கடைசி மாத 299 ரூபாய் மட்டும் திரும்ப வந்தது. மகனின் கணக்கை அவர் போனில் இருந்து எடுத்துவிட்டோம்.