என் வேலையைப் பற்றி உங்கள் கருத்து வேண்டும், அக்கா

வணக்கம் அக்கா,

இந்த வருட 360 டிகிரி மதிப்பீட்டில் என்னைப் பற்றி எழுத, மற்ற வார்டு இன்சார்ஜ்களில் மூன்று பேரைச் சொல்லும்படி மேட்ரன் கேட்டார்கள். முதலில் உங்கள் பெயரைத்தான் கொடுத்தேன். கேஷுவாலிட்டியிலிருந்து நாங்கள் அனுப்பும் பேஷண்ட்டை ஐசியுவில் வாங்கிக்கொள்வது நீங்கள். எங்கள் வேலையில் எது குறைந்தாலும் அது முதலில் தெரிவது உங்களுக்குத்தான்.

இரண்டு விஷயங்களைப் பற்றி மட்டும் எழுதினால் போதும். ஒன்று, பேஷண்ட்டை மாற்றும்போது நாங்கள் கொடுக்கும் ஹேண்ட் ஓவர். இன்னொன்று, பெட் காலியில்லாமல் இரண்டு பக்கமும் திணறும்போது நான் உங்களிடமும் உங்கள் ஸ்டாஃபிடமும் பேசும் விதம். இவற்றில் எனக்கே சில சந்தேகங்கள் உண்டு. இங்கே சொன்னால் உங்கள் பதிலும் அந்தப் பக்கமே சாயும் என்பதால் சொல்லவில்லை.

போன வருடம் ஒருவர், "நன்றாக ஒத்துழைப்பார்" என்று எழுதியிருந்தார். சந்தோஷம்தான், ஆனால் அதை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. இன்னொருவர் எழுதியது இது: "நெஞ்சுவலி கேஸில் ஆஸ்பிரின் கொடுத்ததைச் சொன்னார்கள், கொடுத்த நேரம் ஷீட்டில் இல்லை. நாங்கள் மூன்று முறை போன் செய்த பிறகே தெரிந்தது." அன்றிலிருந்து மருந்தும் நேரமும் ஷீட்டில் ஏறாமல் ஸ்ட்ரெச்சர் நகர்வதில்லை. அப்படித்தான் எனக்கு வேண்டும்: எந்தச் சூழ்நிலையில் நடந்தது, நான் என்ன செய்தேன், அதனால் உங்களுக்கு என்ன ஆனது.

நான் விடாமல் செய்ய வேண்டியது ஒன்று, மாற்றிக்கொள்ள வேண்டியது ஒன்று என இரண்டுக்கும் ஒவ்வொரு சம்பவமாவது எழுதுங்கள். குறையைச் சொல்வதற்காக முன்னால் ஒரு பாராட்டைத் தேட வேண்டாம், உண்மையில் உதவியாக இருந்ததையே எழுதுங்கள். போன வாரம் நடந்தது மட்டும் மனதில் நிற்கும், அதனால் கடந்த ஆறு மாதத்தையும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள். நேரில் பார்க்காததை விட்டுவிடலாம். பேஷண்ட் பெயர், ஐபி நம்பர் எதுவும் வேண்டாம்.

பதிலை எனக்கு அனுப்பாதீர்கள், மேட்ரன் அனுப்பிய படிவத்திலேயே எழுதுங்கள். மூன்று பேர் எழுதியதையும் சேர்த்து, பெயர் இல்லாமல்தான் எனக்குக் காட்டுவார்கள். ஆனாலும் சம்பவத்தைப் படித்தால் யார் எழுதியது என்று எனக்குத் தெரிந்துவிட வாய்ப்பு உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. தேதியையும் பெட் நம்பரையும் விட்டுவிட்டு எழுதுங்கள். தெரிந்தாலும் நான் அதைப் பற்றி உங்களிடமோ உங்கள் ஸ்டாஃபிடமோ கேட்க மாட்டேன். இது இன்க்ரிமென்டுக்குப் போகாது என்று மேட்ரன் சொல்லியிருக்கிறார்கள்.

இருபது நிமிடம் ஆகும். அடுத்த வெள்ளிக்கிழமை மாலை 5 மணி வரை நேரம் இருக்கிறது. இந்த வாரம் உங்களுக்கு நைட் டூட்டி என்று தெரியும். முடியாது என்றால் திங்கட்கிழமைக்குள் மேட்ரனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், வேறு ஒருவரைக் கேட்டுக்கொள்வார்கள். அதில் எனக்கு எந்த வருத்தமும் இருக்காது.

நன்றி அக்கா.

கேஷுவாலிட்டி இன்சார்ஜ்