திருப்பூர்–தூத்துக்குடி கன்டெய்னர் பிரிவு: முக்கிய அளவுகளின் காரணி மரம்

திருப்பூர்ப் பின்னலாடைகளைத் தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கொண்டு செல்லும் நம் பிரிவின் 62 ட்ரெய்லர்களுக்கும் இந்த மரம் பொருந்தும். வரும் ஏப்ரல் 1 முதல் திங்கள்கிழமை கூட்டங்கள் இதன்படியே நடைபெறும். இதுவரை மாதக் கணக்கு கைக்கு வந்த பிறகே குறை தெரிந்தது. கப்பல் போன பிறகு தெரியும் தாமதத்தை யாராலும் சரிசெய்ய முடியாது. எனவே நடந்து முடிந்ததைச் சொல்லும் அளவுகளை ‘விளைவு’ என்றும், இன்றே கைவைத்து மாற்றக்கூடியவற்றை ‘முன்குறி’ என்றும் பிரித்திருக்கிறோம்.

- ஒரு ட்ரெய்லரின் மாத மிச்சம் (விளைவு)
  - கட்-ஆஃபுக்கு முன் சேர்ந்த கன்டெய்னர்களின் விழுக்காடு (விளைவு)
    - கட்-ஆஃபுக்கு 24 மணி நேரம் முன்பே ஆவணங்கள் முழுமையான லோடுகள் (முன்குறி)
    - லோடிங் பாயிண்டில் வண்டி காத்திருக்கும் நேரம் (முன்குறி)
  - ட்ரெய்லருக்கு மாத டிரிப் எண்ணிக்கை (விளைவு)
    - இறக்குமதி லோடுடன் இணைத்துப் புக் செய்த டிரிப்புகள் (முன்குறி)
    - அடுத்த நாளுக்கு டிரைவர் உறுதியான வண்டிகள் (முன்குறி)
  - கிலோமீட்டருக்கு ஆகும் செலவு (விளைவு)
    - உரிய நாளில் முடிந்த சர்வீஸ், டயர் சோதனை (முன்குறி)
  - பில் பணம் வர எடுக்கும் நாள்கள் (விளைவு)
    - இறக்கிய 48 மணி நேரத்துக்குள் அலுவலகம் வந்த கையெழுத்து ரசீதுகள் (முன்குறி)

முதல் கிளைதான் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமானது. சரிபார்த்த மொத்த எடைச் சான்று இல்லாத ஏற்றுமதிக் கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்ற சர்வதேச விதி 2016 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஆகவே வண்டி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாலும், எடைச் சான்று வராவிட்டால் நமக்கு அது தாமதம்தான். சென்ற மாதம் ஒரு கன்டெய்னர் கட்-ஆஃபுக்கு ஐந்து மணி நேரம் முன்பே துறைமுக வாசலை அடைந்தும், எடைச் சீட்டில் கன்டெய்னர் எண்ணின் ஓர் இலக்கம் மாறியிருந்ததால் அந்தக் கப்பலைத் தவறவிட்டது. டிரைவர் மீது எந்தத் தவறும் இல்லை. முந்தின நாள் மாலை யாராவது ஒருவர் அந்தச் சீட்டைக் கன்டெய்னர் கதவில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டிருந்தால் போதும். அந்த ஒப்பீட்டைத்தான் ‘ஆவணங்கள் முழுமை’ என்று கணக்கிடுகிறோம். வாட்ஸ்ஆப்பில் படம் வந்துவிட்டது என்பது முழுமை ஆகாது. இப்போது நூற்றுக்கு 71 லோடுகள் இந்த நிலையை எட்டுகின்றன. ஜூன் இறுதிக்குள் 90-ஐ எட்ட வேண்டும்.

இ-வே பில்லையும் இதனுடன் சேர்த்தே பார்க்க வேண்டும். 2021 ஜனவரி 1 முதல், வழக்கமான சரக்குக்கு ஒவ்வொரு 200 கிலோமீட்டருக்கும் ஒரு நாள்தான் அதன் செல்லுபடிக் காலம். நம் வழித்தடம் 200 கிலோமீட்டரைத் தாண்டி 400-க்குள் அடங்குவதால் இரண்டு நாள் கிடைக்கிறது. வண்டி எண்ணைப் பதிந்த பிறகு லோடிங் பாயிண்டில் ஒரு பகல் வீணானால், அந்த இரண்டு நாளில்தான் அது கழியும். காத்திருப்பு நான்கு மணி நேரத்தைத் தாண்டியதுமே டிராஃபிக் டெஸ்க் வாடிக்கையாளருடன் பேச வேண்டும். மறுநாள் அறிக்கையில் எழுதுவது பயன் தராது.

டிரிப் எண்ணிக்கையில் நம்மைப் பின்னுக்கு இழுப்பது, காலிக் கன்டெய்னரைத் தூத்துக்குடி யார்டிலிருந்து திருப்பூர் வரை ஏற்றிவரும் ஓட்டம். மில்லுக்குப் போகும் இறக்குமதிப் பஞ்சை இறக்கிய பிறகு, கப்பல் நிறுவனத்தின் அனுமதியோடு அதே கன்டெய்னரில் ஏற்றுமதிச் சரக்கை ஏற்றினால் அந்த ஓட்டம் மிச்சமாகும். அனுமதி வாங்க நேரம் பிடிக்கும் என்பதால், இணைப்பு லோடுகளைக் குறைந்தது மூன்று நாள் முன்பே டெஸ்க் குறித்துவைக்க வேண்டும். டிரிப்பைக் கூட்டுவதற்காக டிரைவரின் ஓய்வைக் குறைக்க யாருக்கும் அனுமதி இல்லை. 2025 நவம்பரில் நீக்கப்படும் வரை மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961, நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்திருந்தது. அந்த வரம்பை மீறிக் கிடைத்த டிரிப் இந்த மரத்தில் கணக்கில் சேராது.

செலவுக் கிளையில் டீசல் விலை நம் கையில் இல்லை. அதனால் அதை முன்குறியாக வைக்கவில்லை. ரசீதுக் கிளைக்குத் தூத்துக்குடி அலுவலகம் பொறுப்பு.

முன்குறிகளை டெஸ்க் தினமும் காலை 9 மணிக்குப் பதிய வேண்டும். விளைவு அளவுகளைக் கணக்குப் பிரிவு மாதம் ஒருமுறை தரும். ஊக்கத்தொகையை எந்த முன்குறியோடும் இணைக்கப் போவதில்லை. இணைத்தால் எண்தான் உயரும், வேலை உயராது. ஒரு முன்குறி மூன்று மாதம் தொடர்ந்து மேம்பட்டும் அதற்கு மேலுள்ள விளைவு அசையவில்லை என்றால், நாம் நினைத்த காரணம் தவறு என்று கொண்டு அந்தக் கிளையை நீக்கிவிட்டு வேறொன்றைத் தேட வேண்டும். முதல் மறுபரிசீலனை ஜூலை முதல் திங்கள்கிழமை நடைபெறும்.