முன்மண்டபத்தில் பொதுவான பண்டிகை மின்விளக்குகள் போட அனுமதி கோரல்

வீடு 3B,
உவர்மலை, திருகோணமலை.
12.10.2026

செயலாளர்,
தொடர்மாடிக் குடியிருப்பாளர் சங்கம்,
உவர்மலை, திருகோணமலை.

மதிப்புக்குரிய ஐயா,

நவம்பர் 8 தீபாவளி. பிறகு கார்த்திகை விளக்கீடு, நத்தார், புதுவருடம், தைப்பொங்கல் என்று ஒன்றின் பின் ஒன்றாக வருகின்றன. இவை எல்லாவற்றுக்குமாக, கீழ்மாடி முன்மண்டபத்தில் ஒரே தொகுதி மின்விளக்குகளை நவம்பர் 6 முதல் ஜனவரி 17 வரை போட்டுவைக்கச் சங்கத்தின் அனுமதியைக் கேட்டு, 1C, 2B, 4A வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

கடந்த வருடம் அவரவர் விருப்பப்படி போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். லிஃப்ட் வாசலுக்குப் பக்கத்திலுள்ள ஒரே பிளக்கில் நீட்டிப்பு வயருக்கு மேல் நீட்டிப்பு வயராகச் செருகி, ஒருநாள் வாடைக்காற்றோடு சாரல் உள்ளே அடித்ததும் றிப் சுவிச் விழுந்து முன்மண்டபமே இருண்டுபோனது. யாருடைய வயரால் அது விழுந்தது என்று கண்டுபிடிக்கவே முக்கால் மணித்தியாலம் போயிற்று. அதற்குள் படியில் ஏறிவந்த பெரியவர்கள் பட்ட பாட்டைச் சொல்லவே வேண்டாம். தனித்தனியாகப் போடாமல் ஒரு பொது ஏற்பாடாகச் செய்ய வேண்டும் என்று நாங்கள் கேட்பதற்கு முதற்காரணம் இதுதான்.

நாங்கள் வாங்க நினைத்திருப்பது இளமஞ்சள் நிற எல்.ஈ.டி. சரவிளக்கு, எட்டுச் சரம். ஒன்று ஏறத்தாழ 6 வாட், எல்லாம் சேர்த்து 50 வாட்டுக்குள் அடங்கும். மாலை 6 மணிக்கு எரிந்து இரவு 10.30க்குத் தானே அணையும்படி டைமர் வைப்போம். அப்படிப் பார்த்தால் முழுக்காலத்துக்கும் 16, 17 யூனிற் மின்சாரமே செலவாகும். அதையும் பொது மீற்றரில் சேர்த்து எல்லாரின் தலையிலும் கட்ட மாட்டோம். சிறிய துணை மீற்றர் ஒன்றைப் பொருத்தி, அது காட்டுவதற்குரிய பணத்தை நாங்கள் நான்கு வீட்டாரும் பிரித்துச் சங்கத்தில் கட்டிவிடுவோம். விளக்குகளின் விலையும் எங்களுடையதே.

சுவரில் ஒரு ஆணிகூட அடிக்க மாட்டோம். பெயின்ட் அடித்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை என்பது தெரியும், ஒட்டும் கொக்கிகளைத்தான் பயன்படுத்துவோம். பெயின்ட் உரிந்தால் அந்த இடத்தை நாங்களே சரிசெய்து தருவோம். தீயணைப்புக் கருவி, அவசர விளக்கு, கமரா, படிக்கட்டின் கைப்பிடி ஆகிய இவற்றை எந்தச் சரமும் தொடாது. கடல் பக்க வாசலில் உப்புக்காற்று வயர் இணைப்புகளை விரைவில் அரித்துவிடும், மாரியில் சாரலும் அடிக்கும். ஆகவே அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு, லிஃப்டின் மேற்புறமும் அறிவித்தல் பலகைச் சுவரும் மட்டும் போதும் என்று முடிவெடுத்தோம். இணைப்பைத் தகுதியான எலக்ட்ரீசியன் ஒருவர்தான் கொடுப்பார். இடி மின்னல் நேரத்தில் பிளக்கைக் கழற்றிவிடும்படி காவலாளி அண்ணாவிடமும் கேட்டிருக்கிறோம்.

விட்டுவிட்டு மின்னும் விளக்கு வேண்டாம் என்பதில் நாங்கள் எல்லாரும் ஒரே முடிவு. கீழ்மாடியில் ஒரு பிள்ளைக்கு அந்த வெளிச்சம் ஆகாது. பாட்டு ஒலிக்கும் விளக்கும் இல்லை (சின்னவர்களுக்கு இதில் பெரிய மனவருத்தம்).

இன்னொன்று. ஓம், நட்சத்திரம், பிறை என்று எந்தச் சமயச் சின்னமும் சரங்களில் இராது. முன்மண்டபம் எல்லாருக்கும் பொது. பூசை, குடில், கோலம் எல்லாம் அவரவர் வீட்டு வாசலோடு. விளக்கீட்டுக்கு வாழைக்குற்றி நாட்டிச் சுட்டி ஏற்ற விரும்புபவர்கள் கேற்றுக்கு வெளியே ஏற்றட்டும், உள்ளே நெருப்பு வேண்டாம். 2B அன்ரி, "எங்கட நோன்புப் பெருநாளுக்கும் போடுவீங்கள்தானே?" என்று கேட்டார். நல்ல கேள்வி. சங்கம் சம்மதித்தால் இதே சரங்களை அடுத்த மார்ச்சில் பெருநாளுக்கும், மேயில் வெசாக்குக்கும் திரும்பப் போடலாம். 4C வீட்டார் வெசாக் கூடு கட்டித் தருவதாக இப்போதே சொல்கிறார்கள். அதற்கு அந்தந்த நேரத்தில் தனியாக அனுமதி கேட்போம்.

ஜனவரி 18 ஞாயிறு அல்ல, திங்கள் என்பதால் 17ஆம் திகதி பகலிலேயே எல்லாவற்றையும் கழற்றி, கொக்கி அடையாளம் இல்லாமல் துடைத்து, பெட்டியில் போட்டு எங்கள் வீட்டுப் பரணில் வைத்துவிடுவோம். யாருக்காவது இடைஞ்சல் என்றால் இடையிலேயே அணைக்கவும் தயார். நேரே என்னிடம் சொன்னால் போதும்.

எலக்ட்ரீசியன் தீபாவளி நெருங்கினால் கையில் கிடைக்க மாட்டார். எனவே ஒக்டோபர் 25 ஞாயிறு கூட்டத்தில் இதை எடுத்து, முடிவை எழுத்தில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். கூட்டத்துக்கு நானும் வருவேன், ஒரு சரத்தைக் கொண்டுவந்து எரித்துக் காட்டுகிறேன்.

இங்ஙனம்,
த. மங்களேஸ்வரி
(1C, 2B, 4A வீட்டாரின் கையொப்பங்கள் பின்பக்கத்தில்)