மங்களம் கடை போர்டு: புரூஃபில் செய்யவேண்டிய திருத்தங்கள்

அண்ணே, வணக்கம். நீங்கள் அனுப்பிய டிசைனை அப்பாவும் நானும் பார்த்தோம். 15 அடிக்கு 4 அடி, மெரூன் பின்னணி, தங்க நிற எழுத்து எல்லாம் அப்படியே இருக்கட்டும். வாசகத்தை மட்டும் இப்படி மாற்றுங்கள்:

```
மங்களம் பாத்திரக் கடை
MANGALAM VESSEL STORES
பித்தளை, வெண்கலம், எவர்சில்வர், சீர்வரிசைப் பாத்திரங்கள்
Brass, Bronze, Stainless Steel, Wedding Vessels
```

இதற்குக் கீழே ஜிஎஸ்டி எண், ஒன்றரை அங்குலத்தில். ‘மொத்தம், சில்லறை’ என்ற வரியை எடுத்துவிடுங்கள். அதை எடுத்தால்தான் பெயருக்கு இடம் கிடைக்கும்.

புரூஃபில் ஆங்கிலம் மேலே வந்திருக்கிறது. கும்பகோணம் கடைத்தெருவில் தமிழ்தான் முதலில் வரவேண்டும். அரசு விதியும் அதுதான். தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்றால் 5:3:2 அளவு. நமக்கு இரண்டு மொழிதான், அதனால் தமிழ்ப் பெயர் 10 அங்குலம், ஆங்கிலப் பெயர் 6 அங்குலம். சரக்கு வரிகள் 4 அங்குலமும் இரண்டேகால் அங்குலமும்.

இந்த 10 அங்குலம் ‘ம’ எழுத்தின் உடம்புக்கு மட்டும். மேலே புள்ளி, சுழிக்கு 3 அங்குலமும் கீழே 2 அங்குலமும் தனியாக விடுங்கள். புள்ளியையும் சேர்த்து 10 என்று அளந்தால் ‘ம’ சுருங்கி, கீழே உள்ள ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். அப்புறம் எதிர்ச் சாரியிலிருந்து பார்க்கிறவருக்குக் கடைப்பெயர் எடுபடாது.

இனி எழுத்துப்பிழைகள். ‘பாத்திர கடை’ என்று இருக்கிறது, நடுவில் க் போடுங்கள். ‘வெங்கலம்’ தப்பு, ‘வெண்கலம்’ சரி. ‘பித்தலை’ என்பதில் ளை வரவேண்டும். ‘சீர்வரிசை’க்குப் பின் ப் விட்டுப்போயிருக்கிறது. ஆங்கிலத்தில் VESSAL என்று இருப்பதை VESSEL ஆக்குங்கள், Stainles என்பதில் இன்னொரு s சேருங்கள். MANGALAM என்பதில் மாற்றம் இல்லை, சான்றிதழிலும் அதே எழுத்துகள்தான்.

எவர்சில்வருக்கு முன்னால் இருக்கும் ‘வெ’யில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போயிருக்கிறது. ஃபான்ட் மாறியதால் வந்திருக்கும். யூனிகோட் ஃபான்டில் சரிபார்த்து, கர்வ்ஸ் ஆக்கிய பிறகே வெட்டும் மெஷினுக்கு அனுப்புங்கள். இல்லையென்றால் அங்கே மறுபடி உடையும்.

ஜிஎஸ்டி எண்ணைச் சான்றிதழ் நகலைப் பார்த்தே போடுங்கள், நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். 15 இலக்கம், முதல் இரண்டு 33. மூன்று முதல் ஏழு வரை எழுத்து, எட்டு முதல் பதினொன்று வரை எண், பன்னிரண்டாவது மறுபடி எழுத்து. அந்த இடங்களில் O-வும் 0-வும் மாறவே கூடாது.

திருத்திய புரூஃபை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அப்பா ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து ‘ஓகே’ என்று எழுதி அனுப்புவார். அது வந்த பிறகே அக்ரிலிக் வெட்டுங்கள். வெட்டியபின் எழுத்து மாற்றினால் உங்களுக்கும் நஷ்டம், எங்களுக்கும் திறப்பு நாள் தள்ளிப்போகும்.