வேப்பங்குளம் ஊர்ப்புற நூலகம்: 2026–27ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டக் கோரிக்கை

[முகப்புப் பக்கம்]

வேப்பங்குளம் ஊர்ப்புற நூலகம்
மேற்கூரை மாற்றம், கழிப்பறை, தளவாடம், நூல்கள் ஆகியவற்றுக்கான
2026–27ஆம் நிதியாண்டு வரவு செலவுத் திட்டக் கோரிக்கை

சமர்ப்பிப்பவர்: வாசகர் வட்டம், வேப்பங்குளம்
பெறுநர்: மாவட்ட நூலக அலுவலர் அவர்கள், மாவட்ட நூலக ஆணைக்குழு, மாவட்ட மைய நூலகம்

மொத்த மதிப்பீடு: ரூ.12,90,000
ஊர்ப் பங்களிப்பு: ரூ.1,50,000
கோரும் தொகை: ரூ.11,40,000 (ரூபாய் பதினொரு லட்சத்து நாற்பதாயிரம் மட்டும்)

கிராம சபைத் தீர்மானம்: 11.10.2025
சமர்ப்பிக்கும் நாள்: 14.11.2025, தேசிய நூலக வார விழாவின் முதல் நாள்

ஒரே தொகுதி. 118 பக்கங்கள். 8 இணைப்புகள்.

[முகப்பின் பின்பக்கம்]

சென்ற ஆண்டு நாங்கள் அனுப்பிய கோரிக்கை திரும்பி வந்தது. குற்றம் எங்களுடையதுதான். விலைப்புள்ளிகள் ஒரு கட்டு, படங்கள் ஒரு உறை, கூட்டுத்தொகை வேறொரு தாள் என்று பிரித்து அனுப்பினோம். எது எதற்குச் சான்று என்பதை எங்களாலேயே பிறகு சொல்ல முடியவில்லை. இம்முறை எல்லாவற்றையும் ஒன்றாகத் தைத்து, முதல் தாளிலிருந்து கடைசிப் படம் வரை சிவப்பு மையில் தொடர் எண் இட்டிருக்கிறோம். விலைப்புள்ளித் தாள்களில் கடைக்காரர்கள் அச்சிட்ட எண்களும் இருக்கும்; அவற்றைப் பொருட்படுத்த வேண்டாம். வலது மேல் மூலையிலுள்ள சிவப்பு எண்ணே பக்க எண்.

"வாசகரின் நேரத்தைச் சேமி" என்பது சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது. நூலகத்துக்காகப் பணம் கேட்பவர்கள் கோப்பைப் படிப்பவருக்கும் அந்த மரியாதையைத் தர வேண்டும் அல்லவா?

[பக்கம் 2–3]
பொருளடக்கம்

முன்னனுப்புக் கடிதம் — 1
பொருளடக்கம் — 2
பகுதி 1. கோரிக்கைச் சுருக்கம் (நேரம் குறைவாக இருப்பின் இந்த இரண்டு பக்கங்களும் இணைப்பு 2உம் போதும்) — 4
பகுதி 2. நூலகத்தின் இன்றைய நிலை — 6
பகுதி 3. தலைப்புவாரியாகச் செலவு மதிப்பீடு — 18

| தலைப்பு | தொகை (ரூ.) | பக்கம் | சான்று |
|---|---|---|---|
| அ. ஓட்டுக்கூரையை அகற்றிக் கான்கிரீட் தளம் | 6,85,000 | 18 | இணைப்பு 1 |
| ஆ. கழிப்பறை, சாய்தளம் | 2,40,000 | 24 | இணைப்பு 1 |
| இ. இரும்பு அடுக்குகள் 12, ஒன்று ரூ.9,500 | 1,14,000 | 28 | இணைப்பு 3 |
| ஈ. நூல்கள் | 1,25,000 | 30 | இணைப்பு 4 |
| உ. மின் வயரிங், மின்விசிறிகள் | 48,000 | 34 | இணைப்பு 3 |
| ஊ. கணினி, அச்சுப்பொறி | 78,000 | 36 | இணைப்பு 3 |
| மொத்தம் | 12,90,000 | | |

பகுதி 4. வரவு வழிகள் — 38

இணைப்புகள்
1. பொறியாளர் மதிப்பீடும் வரைபடமும் — 43
2. மழை நாள் குறிப்பேட்டின் நகல் — 59
3. விலைப்புள்ளிகள் — 67
4. வாசகர் பரிந்துரைத்த நூல்களின் பட்டியல் — 80
5. நூலக வரி விவரம் — 96
6. புரவலர், நன்கொடைப் பற்றுச்சீட்டுகள் — 99
7. கிராம சபைத் தீர்மானம், நில ஆவண நகல் — 107
8. புகைப்படங்கள் — 113

[பக்கம் 43]
இணைப்பு 1: பொறியாளர் மதிப்பீடும் வரைபடமும்
தலைப்பு அ, ஆ இரண்டுக்கும் இதுவே சான்று. இரண்டின் கூட்டுத்தொகை ரூ.9,25,000. மடித்து வைத்த வரைபடம் பக்கம் 58. பிரித்துப் பார்த்தபின் அதே மடிப்பில் மடிக்க வேண்டுகிறோம், ஓரம் கிழிகிறது.

[பக்கம் 59]
இணைப்பு 2: மழை நாள் குறிப்பேட்டின் நகல்
கூரையை ஏன் பழுதுபார்க்காமல் மாற்றக் கேட்கிறோம் என்ற கேள்விக்கு விடை இந்த எட்டுப் பக்கங்களில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையின்போது ஒழுகிய ஒவ்வொரு நாளையும் ஊர்ப்புற நூலகர் தம் கையால் எழுதி வைத்தார். 2024இல் 23 நாள்கள். 2025இல் நவம்பர் 10 வரை 11 நாள்கள். கையெழுத்து சில இடங்களில் மை கரைந்து தெரியும். அதைத் திருத்தி எழுத நாங்கள் விரும்பவில்லை. மாதிரிக்கு ஒரு பதிவு:

*"19.10.2025. மாலை 4.20. வடக்குச் சுவரோரம் மூன்று இடங்களில் சொட்டு. சிறுவர் நூல் அடுக்கைத் தனியாக நகர்த்த முடியவில்லை. படிக்க வந்த இரண்டு மாணவர்கள் கைகொடுத்தனர். நனைந்தவை 14. ஒன்பதை மின்விசிறியின் கீழ் விரித்து உலர்த்தினேன். ஐந்தில் தாள்கள் ஒட்டிக்கொண்டன. 5.30க்கு மின்சாரத்தை நிறுத்தி நூலகத்தைப் பூட்டினேன்."*

இரண்டு முறை ஓடு மாற்றிய செலவுச் சீட்டுகள் பக்கம் 66இல் உள்ளன. ஓடு புதிது, அடியிலுள்ள மரச்சட்டம் உளுத்தது. ஆகவே மூன்றாம் முறை மாற்றினாலும் இதே கதைதான்.

[பக்கம் 67]
இணைப்பு 3: விலைப்புள்ளிகள்
தலைப்பு இ, உ, ஊ ஒவ்வொன்றுக்கும் மூன்று விலைப்புள்ளிகள். தேர்ந்த தொகையைச் சிவப்பு மையில் வட்டமிட்டுள்ளோம். அடுக்குகளில் மட்டும் மிகக் குறைந்த விலையை ஏற்கவில்லை: அந்தத் தகடு மெல்லியது, தடித்த அகராதிகளை வைத்தால் வளையும்.

[பக்கம் 80]
இணைப்பு 4: வாசகர் பரிந்துரைத்த நூல்களின் பட்டியல்
மொத்தம் 480 தலைப்புகள். போட்டித் தேர்வு 140, சிறுவர் 120, இலக்கியம் 110, அறிவியல் 70, வேளாண்மை 40. இளைஞர்கள் கேட்டபடி விட்டிருந்தால் பாதிப் பட்டியல் தேர்வு நூல்களாகவே இருந்திருக்கும். பாடத்திட்டம் மாறினால் அவை பழைய தாளாகிவிடும் என்று கூட்டத்தில் வாதிட்டு, மூன்றில் ஒரு பங்குக்குள் நிறுத்தினோம். பொது நூலக இயக்ககத்தின் தேர்வுப் பட்டியலில் உள்ள நூல்களுக்கு எதிரே "தே" என்று குறித்துள்ளோம். அவற்றை ஆணைக்குழு வழக்கமான கொள்முதலில் தருமானால் தலைப்பு ஈ அந்த அளவுக்குக் குறையும். அதில் எங்களுக்கு மறுப்பு இல்லை.

[பக்கம் 96]
இணைப்பு 5: நூலக வரி விவரம்
1948ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி வீட்டு வரியுடன் சேர்த்து நூலக வரி தண்டப்படுகிறது. இப்போது ரூபாய்க்குப் பத்துக் காசு. ஊராட்சிச் செயலரின் சான்றுப்படி எங்கள் ஊரின் கேட்பு:

| ஆண்டு | வீட்டு வரி (ரூ.) | நூலக வரி (ரூ.) |
|---|---|---|
| 2023–24 | 2,96,400 | 29,640 |
| 2024–25 | 3,04,800 | 30,480 |
| 2025–26 | 3,12,000 | 31,200 |
| மூன்றாண்டு | 9,13,200 | 91,320 |

கொடுத்த வரியைத் திருப்பிக் கேட்பதற்காக இந்த இணைப்பைச் சேர்க்கவில்லை. ஊருக்கு ஊர் கணக்குப் பார்த்துப் பிரித்தால் சிற்றூர்களில் நூலகமே இருக்காது. மாவட்டம் முழுவதும் ஒரே நிதியில் சேர்வதால்தான் எங்களைப் போன்ற ஊருக்கும் அடுக்கு வந்தது. ஆயினும், வீட்டு வரி ரசீதில் அந்த வரியைப் பார்க்கும் ஒவ்வொருவரும் "நம் நூலகம் ஏன் ஒழுகுகிறது?" என்று எங்களைக் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை எண்களோடு உங்கள் முன் வைக்கிறோம்.

[பக்கம் 99]
இணைப்பு 6: புரவலர், நன்கொடைப் பற்றுச்சீட்டுகள்
ஆளுக்கு ரூ.1,000 வீதம் 62 புரவலர்கள்: ரூ.62,000. பிற நன்கொடை: ரூ.88,000. மொத்தம் ரூ.1,50,000. பணம் வங்கியில் உள்ளது. கணக்குப் புத்தக நகல் பக்கம் 106.

[பக்கம் 107]
இணைப்பு 7: கிராம சபைத் தீர்மானம், நில ஆவண நகல்
தீர்மானத்தில் மதிப்பீடு ரூ.12,50,000 என்று இருக்கும். கணினி விலைப்புள்ளி அதன்பின்னரே வந்தது. வேறுபாடு ரூ.40,000க்கான விளக்கக் கடிதம் பக்கம் 109.

[பக்கம் 113]
இணைப்பு 8: புகைப்படங்கள்
பக்கத்துக்கு இரண்டாக 12 படங்கள். ஒவ்வொன்றின் கீழும் எடுத்த நாளும் தொடர்புடைய செலவுத் தலைப்பும் உள்ளன. படம் 7இல் வாசலிலுள்ள மூன்று படிகளைப் பார்க்க வேண்டுகிறோம்: கைத்தடியோடு வரும் ஒரு முதியவர் நாளிதழை இப்போது வெளியே நின்றுதான் படிக்கிறார். தலைப்பு ஆவில் கேட்கும் சாய்தளம் அந்தப் படிகளுக்குப் பக்கத்தில் வரும்.

[பக்கம் 118, கடைசிப் படத்தின் கீழ்]
பக்கம் 1 முதல் 118 வரை விடுபடாமல் எண்ணிச் சரிபார்க்கப்பட்டது. 58ஆம் பக்கம் மடிதாள். முகப்புத் தாள் இந்த எண்ணிக்கையில் சேராது.

செயலாளர், வாசகர் வட்டம்
வேப்பங்குளம், 14.11.2025