இழுக்க இழுக்க நீளும் சீஸ்!

இப்போதுதான் அடுப்பிலிருந்து வந்தது. ஆவி பறக்கிறது. மரப்பலகையிலிருந்து ஒரு துண்டை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள்... பீட்சா கைக்கு வந்துவிடும், சீஸ் பலகையை விடாது!

இந்த மாதச் சலுகை
பெரிய சீஸ் பீட்சா ஒன்று வாங்கினால் மீடியம் சீஸ் பீட்சா ஒன்று இலவசம்
செவ்வாய் முதல் வியாழன் வரை, மாலை 4 மணி முதல் 7 மணி வரை
கடையில் உட்கார்ந்து சாப்பிடுவோருக்கு மட்டும்

பார்சலுக்கு ஏன் இல்லை?
சீஸ் நன்றாக இழுபடுவது முதல் சில நிமிடங்கள்தான். சூட்டில் சீஸின் புரதப் பிணைப்புகள் தளர்ந்து, ஒன்றோடொன்று வழுக்கி, இழை இழையாக நீளும். ஆறினால் மறுபடி இறுகிவிடும். பெட்டியில் போட்டு மூடினாலோ, பறக்க வேண்டிய ஆவி மூடியில் பட்டு நீராகி பீட்சா மேலேயே சொட்டும், மொறுமொறுப்பும் போய்விடும். இந்தச் சலுகையே அந்த முதல் சில நிமிடங்களுக்காகத்தான். அதை நீங்கள் எங்கள் மேசையில் சாப்பிட வேண்டும் என்பது எங்கள் ஆசை.

சீஸ்
ஈரப்பதம் குறைந்த மொசரெல்லா. கட்டியாக வாங்கி, தினமும் காலையில் நாங்களே துருவுகிறோம். துருவியே வரும் பாக்கெட் சீஸ் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதில் மாவுப்பொருள் தூவியிருப்பார்கள். உருகும்போது அது இழையைக் கெடுக்கும். வேலை கூடினாலும் பரவாயில்லை, துருவல் எங்கள் கையாலேயே.

மரப்பலகை
அழகுக்கு மட்டும் இல்லை. உலோகத் தட்டு சூட்டைச் சட்டென உறிஞ்சிவிடும், மரம் அப்படிச் செய்யாது. கடைசித் துண்டு வரை அடிப்பக்கம் சூடாக இருக்கும். பலகையில் தெரியும் கத்தித் தடங்கள் இதுவரை வெட்டிய பீட்சாக்களின் அடையாளம். ஒவ்வொரு முறையும் கழுவி, நன்றாக உலர்த்தித்தான் எடுக்கிறோம்.

சாப்பிடும் முன்
ஆவி கொஞ்சம் அடங்கட்டும், ஒரு நிமிடம் பொறுங்கள். உருகிய சீஸ் நாக்கைச் சுட்டுவிடும், குழந்தைகளுக்கு ஆற வைத்துக் கொடுங்கள். அப்புறம் துண்டின் ஓரத்தைப் பிடித்து, அவசரமில்லாமல் மேலே தூக்குங்கள். போட்டோ எடுக்க வேண்டுமா? பீட்சா வருவதற்கு முன்பே போனைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்!

கவனிக்க
ஒரு மேசைக்கு ஒரு சலுகை. கூடுதல் டாப்பிங்ஸுக்குத் தனிக் கட்டணம். வேறு சலுகைகளுடன் சேராது. எங்கள் பீட்சாவில் பாலும் கோதுமையும் உண்டு; ஒவ்வாமை இருந்தால் ஆர்டர் செய்யும் முன் சொல்லுங்கள். மாவு முந்தைய நாளே பிசைந்து புளிக்க வைப்பது, அதனால் அளவு உண்டு. அன்றைய மாவு தீர்ந்தால் அன்றைய சலுகையும் முடிந்தது. சீக்கிரம் வாருங்கள்!